அத்தை என்று எழுதலாமா?

படம் முடிந்து விளக்கு போட்டதும் திரையரங்கில் இருந்த விமர்சகர்கள் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. சின்ன அரங்கு அது. பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே படம் போட்டுக் காட்டுவதற்கென்றே கட்டியது. வழக்கமாகப் பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பிக்கும்போதே பாதிப் பேர் வாசலுக்குப் போய்விடுவார்கள். அன்று ஒருவர் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அங்கே அவருடைய பைதான் இருந்தது. ஆனாலும் பார்த்தார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மடியில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வார இணைப்பிதழ் ஒன்றில் விமர்சனம் எழுதுகிறவள். இருட்டில் தாளைப் பார்க்காமலே எழுதி எழுதி அவள் கையெழுத்து வரிசை கலைந்த எறும்புகள் மாதிரி ஆகிவிட்டது. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கடித்தால்தானே எறும்பு இருப்பதே தெரியும் என்று சொல்லிக்கொள்வாள்.

வாசலில் விளம்பரப் பிரிவுப் பையன் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தான். 'முடிவை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.'

"இதையே போஸ்டர்ல போட்டுட்டீங்கன்னா படம் பாக்க வர்றவன் மொத சீன்ல இருந்தே துப்பறிய ஆரம்பிச்சிடுவான்" என்றாள் எறும்பு.

"போஸ்டர்லயும் போட்டிருக்கோம் மேடம்" என்றான் அவன் பெருமையாக.

பேருந்தில் வரும்போது குறிப்புகளைப் படித்துப் பார்த்தாள். படத்தின் கதை ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. மாமனார், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. கூடவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். துணி மடிப்பாள், குழந்தைக்குத் தலை பின்னுவாள், கதவு தட்டினால் போய்த் திறப்பாள். முக்கால் படம்வரை அவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் பேத்தி பள்ளிக்கூடத்துக்காகக் குடும்பத்து மரம் வரைகிறாள். எல்லாருக்கும் கிளை இருக்கிறது. "அம்மா, அத்தைய எந்தக் கிளைல போடுறது?" என்று கேட்கிறாள். "அப்பாவோட கிளைலதான், அப்பாவுக்கு அக்கா முறை" என்கிறாள் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே, "எனக்கா? அவங்க உன் பக்கத்துச் சொந்தம்ல?" என்கிறார். இருவரும் தாத்தாவைப் பார்க்கிறார்கள். தாத்தா இவர்களைப் பார்க்கிறார். சமையலறையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அதுவும் நிற்கிறது.

அந்த இடத்தில் எறும்பின் எழுத்து தாளை விட்டு வெளியே போயிருந்தது. மிச்ச வரி முழங்கால் மேல் இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு படம் கெட்டுப்போனது. மகன் அவளை உட்காரவைத்து நீ யார் என்று கேட்கிறான். அவளும் பதில் சொல்கிறாள். பழைய வாடகைத் தகராறு, வஞ்சம், அழுகை, பின்னோக்கிய காட்சிகள். கேள்வியாக இருந்தவரை முதுகில் குளிர்ந்த படம், பதிலானதும் ஆறிப்போனது. இதைத்தான் அவள் எழுத வேண்டும். எழுத முடியாததும் இதைத்தான்.

அவளுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. முன்பு ஒரு கொலைப் படத்துக்கு விமர்சனம் எழுதியபோது, 'இவ்வளவு பெரிய நடிகரை இந்தச் சின்ன வேடத்துக்கு ஏன் அழைத்தார்கள் என்பது போகப்போகப் புரியும்' என்று எழுதியிருந்தாள். கதையை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அவளுக்குத் திருப்தி. வந்த கடிதங்களில் ஒன்று, 'கொலைகாரர் யாரென்று டிக்கெட் வாங்குவதற்கு முன்பே புரிந்துவிட்டது, நன்றி' என்றது. ஆசிரியர் அந்தக் கடிதத்தை அவள் மேசையில் ஒட்டிவைத்தார். "இன்னொரு தடவை இப்படிக் கதைய உடைக்கிற ஸ்பாய்லர் வந்துச்சுன்னா, உன் பத்திய சுருக்கத்துகிட்ட குடுத்துடுவேன்" என்றார். சுருக்கம் என்பது செய்திப்பிரிவில் இருக்கும் ஒருவர். படக்குழு அனுப்பும் கதைச்சுருக்கத்தை அப்படியே போட்டு, 'மொத்தத்தில் பார்க்கலாம்' என்று முடிப்பார். அவர் எழுத்தில் ஸ்பாய்லரே இருக்காது, கருத்தும் இருக்காது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எறும்பு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எழுதியதைப் படம் பார்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுப்பாள். படித்துவிட்டு அவர் கதை எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒருவர் அக்கா. பழைய இதழ்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்து மூலை மேசையில் உட்கார்ந்திருப்பார். பிழை திருத்தும் பிரிவைச் சேர்ந்தவர் என்பது எறும்பின் எண்ணம். படமே பார்க்க மாட்டார். "படிச்சாப் போதாதா, எதுக்குப் போய் வேற பாக்கணும்?" என்பார்.

அலுவலகம் வந்ததும் முதல் வரைவை எழுதினாள். 'மாமனார், மகன், மருமகள், பேத்தி. கூடவே ஒரு பெண். இந்த வீட்டுக்குள் நடப்பவைதான் கதை' என்று ஆரம்பித்தாள். மற்றதெல்லாம் நடிப்பு, ஒளிப்பதிவு, ஒலி. அக்கா வாங்கிப் படித்தார். படிக்கும்போது அவர் உதடு அசையாது, கண்ணும் அசையாத மாதிரிதான் இருக்கும்.

"அந்தப் பொண்ணு யாருக்குமே யாருமில்ல, இல்லையா?" என்றார்.

எறும்பு தாளை எட்டிப் பார்த்தாள். "எப்படிக்கா? நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"எல்லாருக்கும் முறை சொல்லிட்ட. மாமனாருங்கற, மருமகளுங்கற. இவள மட்டும் 'ஒரு பெண்'ங்கற. நம்ம பாஷைல சொந்தக்காரிய யாராவது 'ஒரு பெண்'னு சொல்வாங்களா? அப்ப அவளுக்கு முறையில்ல. முறையில்லாதவ வீட்டுக்குள்ள இருக்கான்னா அதான் கதை."

எறும்பு தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்தாள். ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டதே காட்டிக்கொடுத்துவிட்டது. சரி, 'அத்தை' என்று எழுதிவிடலாம். படத்தில் குழந்தை அப்படித்தானே கூப்பிடுகிறது? எழுதினாள். உடனே பேனா நின்றது. அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்தவள், இல்லையென்றால் மாமாவின் மனைவி. அவள் இரண்டுமில்லை. படம் பார்க்காதவனுக்கு அது பாதுகாப்பான சொல். பார்த்தவன் திரும்ப வந்து படித்தால், விமர்சனம் எழுதியவளுக்குப் படமே புரியவில்லை என்பான். இல்லையென்றால் பொய் சொல்லியிருக்கிறாள் என்பான். 'குழந்தை அத்தை என்று அழைக்கும் பெண்' என்று மாற்றிப் பார்த்தாள். அது இன்னும் மோசம். சந்தேகத்தை ஊதிப் பெரிதாக்கி வாசலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

ஆசிரியர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். "இன்னுமா? பக்கம் காத்துக்கிட்டிருக்கு."

"சார், அத்தைன்னு எழுதலாமா?"

"எந்த அத்தை?"

"சொன்னா உங்களுக்குப் படம் கெட்டுடும்."

"எனக்குப் படம் கெட்டாப் பரவால்ல, பக்கம் கெடக்கூடாது. அத்தைன்னே போடு, யாரு வந்து ரேஷன் கார்டு கேக்கப்போறா?"

அவர் போனதும் எறும்பு அந்தப் பெண்ணை மொத்தமாக எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தாள். நெஞ்சில் குத்தியது. படத்தில் உருப்படியாக நடித்திருப்பவளே அவள்தான். அவளைச் சொல்லாமல் விடுவது முடிவை மறைப்பதாகாது, கருத்தைத் திருடுவதாகும். இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம் என்று கொடுத்தாள்.

அக்கா ஒரே மூச்சில் படித்துவிட்டு, "ஒருத்தி குறையுது" என்றார்.

"எங்க?"

"சாப்பாட்டு மேசைக் காட்சி அழகுன்னு எழுதியிருக்க. அஞ்சு நாற்காலிய மேலேருந்து காட்டுறாங்கன்னும் எழுதியிருக்க. பேரு நாலுதான் வருது. அந்த அஞ்சாவது நாற்காலில நீதான் உக்காந்திருந்தியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எறும்பும் சிரித்தாள். ஆனால் முன்கைகளில் மயிர் நின்றது. தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கம் வடிவமைக்கிறவர் தன் திரைக்கு முன்னால் இருந்து கத்தினார். எதைப் பார்த்தாலும் கட்டம் கட்டிப் பார்ப்பதால் அவரைச் சதுரம் என்பார்கள். "எறும்பு! உன் கட்டம் காலியா சிரிக்குது. சார் வர்றதுக்குள்ள குடு. நான் வேணா ஒரு கோலத்தப் போட்டு நிரப்பட்டுமா?"

எறும்பு நிமிர்ந்து பார்த்தாள். சார். சதுரம். அக்கா. எறும்பு. இந்த அறையில் யாரும் யாரையும் உண்மையான பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் யாரும் தனியாகத் தெரிவதுமில்லை. சட்டென்று விஷயம் பிடிபட்டது. ஒருத்திக்கு முறை இல்லை என்பது தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் யாருக்கும் முறை சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

புதிதாக எழுதினாள். 'அந்த வீட்டில் ஐந்து பேர். செய்தித்தாளை மடித்த மடிப்பு கலையாமல் படிப்பவர் ஒருவர். சாவியை எப்போதும் தொலைப்பவர் ஒருவர். மாடிப்படியில் நின்று தொலைபேசுபவர் ஒருவர். துணி மடிப்பவர் ஒருவர். தரையில் படுத்து வரைபவள் ஒருத்தி.' இப்போது ஐவரும் ஒரே தட்டில் இருந்தார்கள். துணி மடிப்பவராக நடித்தவரைப் பற்றித் தைரியமாக எழுத முடிந்தது. 'ஒரு சட்டையை நான்காக மடிக்கிற நேரத்துக்குள் இவர் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கிறார்.' அதில் திருப்பம் என்ற சொல்லே இல்லை. 'எதிர்பாராத' என்ற சொல்லும் இல்லை. எதிர்பாராதது வருகிறது என்று சொல்லிவிட்டால் அதை எதிர்பார்க்கச் சொன்னதாகிவிடும்.

பிறகு கருத்து. அதை மழுப்பக்கூடாது. 'முக்கால் பங்கு படம் ரசிகரை நம்புகிறது. கடைசிக் கால் பங்கு நம்பவில்லை. பேசாமல் இருந்தே பயமுறுத்திய படம், பேச ஆரம்பித்ததும் சாதாரணமாகிவிடுகிறது. மனதில் தங்குவது அந்த முக்கால் பங்குதான். அதற்காகவே பார்க்கலாம். கடைசி இருபது நிமிடத்துக்காக வருத்தப்படவும் செய்யலாம்.' என்ன நடக்கிறது என்று சொல்லாமல், நடந்தது தனக்கு என்ன செய்தது என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாக ஒரு குறையையும் சேர்த்தாள். அரங்கில் குறித்துவைத்தது. 'ஒரே கூரைக்குக் கீழ் இத்தனை நாள் இருப்பவர்கள் ஒரு சின்னக் கேள்வியைக்கூடக் கேட்காமல் இருப்பார்களா என்பதுதான் நம்ப முடியவில்லை.'

அக்கா இந்த முறை நிதானமாகப் படித்தார். தாளைத் திருப்பி வைத்தார்.

"என்ன நடக்கும்க்கா?"

"தெரியல" என்றார் அக்கா. "அந்தத் தொலைபேசுறவர் மேல கொஞ்சம் சந்தேகம். படம் நல்லாருக்கும், கடைசில கொஞ்சம் கால வாரிடும், அது தெரியுது. ஏன் வாருதுன்னு தெரியல."

எறும்பு மூச்சுவிட்டாள். மருமகள்மேல் சந்தேகமா? அப்படியானால் ஓட்டை அடைபட்டுவிட்டது.

"இந்த வரி மட்டும்" என்று அக்கா விரலை வைத்தார். "யாரும் கேக்கலைங்கற வரி. இது உன் கருத்தா, இல்ல எல்லாரும் சொல்வாங்கன்னு எழுதினதா?"

"என் கருத்துதான்க்கா. நிஜத்துல அப்படி இருக்க மாட்டாங்கல்ல? மொத நாளே கேட்டிருப்பாங்க."

"கேட்டிருப்பாங்களா?" என்றார் அக்கா. "சரி, உனக்கு அப்படித் தோணுச்சுன்னா இருக்கட்டும். பொய் சொல்லாம இருந்தாச் சரி."

தாளை நான்காக மடித்துக் கொடுத்தார். ஓரம் ஓரத்தோடு பிசகாமல் பொருந்தியிருந்தது.

எறும்பு தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, சதுரத்தின் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். ஆசிரியரும் வந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக இறங்கியது.

"நல்லாருக்கு. படத்தப் பத்தி ஒண்ணும் தெரியல, ஆனா நீ என்ன நெனைக்கிறேன்னு தெரியுது. இப்படித்தான் இருக்கணும்."

"எல்லாம் அக்கா புண்ணியம் சார். ரெண்டு தடவை ஓட்டையப் பிடிச்சுக் குடுத்தாங்க. அவங்கள பிழை திருத்துற பிரிவுலேருந்து நம்ம பக்கத்துக்கே மாத்திட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"பிழை திருத்துற பிரிவா?" என்றார் ஆசிரியர். "அதான் மேல் மாடிக்குப் போயி ரொம்ப நாளாச்சே. அவங்க நீ கூட்டிட்டு வந்தவங்கதான? படிச்சுப் பாக்கறதுக்கு."

"நானா? இல்ல சார். நான் படிக்க ஆள் தேடினப்பவே அவங்க அந்த மேசையிலதான் உக்காந்திருந்தாங்க. 'படிக்கட்டுமா'ன்னாங்க, குடுத்தேன்."

சதுரம் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். "நான் சாருக்கு ஏதோ சொந்தம்னு நெனச்சிருந்தேன். தினம் 'வாங்கக்கா'ன்னு சொல்வீங்களே சார்."

"எல்லாரும் அக்காங்கறீங்க, நானும் அக்கான்னேன்" என்றார் ஆசிரியர். குரல் தணிந்துவிட்டது. "நீதானய்யா அவங்களுக்கு நாற்காலி மாத்திக் குடுத்த?"

"கால் ஆடுதுன்னாங்க. மாத்தினேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் பார்க்காததுபோல் மூலையைப் பார்த்தார்கள். அக்கா பழைய இதழ்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் அடுக்கச் சொல்லவில்லை. அலமாரி அவர் வந்ததிலிருந்து ஒழுங்காக இருப்பது எறும்புக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சு இயந்திரம் ஏதோ தாளைத் துப்பிவிட்டு ஓய்ந்தது. அதற்குப் பிறகு அறையில் தாள் மடியும் சத்தம் மட்டும் இருந்தது.

"நீ போய்க் கேளு" என்றார் ஆசிரியர் மெதுவாக.

"என்னன்னு கேக்கறது?" என்றார் சதுரம். "இத்தன நாள் பழகிட்டு, யாருங்க நீங்கன்னா? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா? நீங்க ஆசிரியர், நீங்க கேளுங்க."

"இந்த வருஷப் பிறந்தநாளுக்கு அவங்கதான்யா எனக்கு வாழ்த்து அட்டை எழுதிக் குடுத்தாங்க. இப்பப் போயி நான் எப்படி?"

இருவரும் எறும்பைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய கடைசி வரி கறுப்பாக நின்றது. 'ஒரு சின்னக் கேள்வியைக்கூடக் கேட்காமல் இருப்பார்களா என்பதுதான் நம்ப முடியவில்லை.'

காலையில் அரங்கில் அது உண்மையாகத்தான் இருந்தது. இப்போது பொய்யாகிவிட்டது. முடிவைச் சொல்லாமல் இருக்கிறேன் என்பதற்காக, நம்பாததை எழுதிவைக்க அவளுக்கு உரிமையில்லை.

"அந்த வரிய எடுத்துடுங்க" என்றாள்.

"ஏம்மா? கட்டம் நிரம்பியாச்சு. எடுத்தா ஒரு இஞ்ச் ஓட்டை விழும்."

"எடுத்துடுங்க. அது என் கருத்து இல்ல."

சதுரம் எடுத்தார். பத்தியின் அடியில் வெள்ளையாக ஒரு சந்து தெரிந்தது. எறும்பு குனிந்து அவருடைய விசைப்பலகையிலேயே தட்டினாள். 'இந்த வீட்டில் இருப்பவர்கள் செய்வதும், செய்யாமல் இருப்பதும் நம்பும்படி இருக்கின்றன. அதுதான் இந்தப் படத்தில் நம்மோடு வீட்டுக்கு வருகிறது.'

"இதுல ஸ்பாய்லர் இருக்கா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"தெரியல சார். படம் பாக்காத யாராவது படிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

சோதித்துப் பார்க்க ஒரே ஒருவர்தான் இருந்தார்.

எறும்பு பக்கத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு மூலைக்கு நடந்தாள். பின்னால் இரண்டு நாற்காலிகள் மெல்லத் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா கடைசி இதழை அடுக்கிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருந்தார். தாளை வாங்கினார். மேலிருந்து படிக்கவில்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனார்.

"மாத்திட்டியா?"

"ஆமாக்கா."

"ஏன்?"

"நான் மொதல்ல எழுதினது உண்மையில்ல."

அக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணில் கோபமோ சிரிப்போ இல்லை. ஒரு பக்கத்தைப் பிழை பார்ப்பதுபோன்ற பார்வை.

"இதுலேருந்து கதை ஒண்ணும் தெரியல" என்றார். "கருத்து தெரியுது. போட்டுக்கலாம்." தாளைக் கொடுக்கப்போனவர் நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வீட்ல கடைசியா யாராவது கேட்டாங்களா?"

கேட்டார்கள், அதோடு எல்லாம் கெட்டுப்போச்சு என்று நாக்கு நுனிவரை வந்தது. எறும்பு விழுங்கிக்கொண்டாள்.

"அதச் சொல்ல மாட்டேன்க்கா. சொன்னா உங்களுக்குப் படம் போயிடும்."

"அப்படித்தான் இருக்கணும்" என்றார் அக்கா. அவள் தோளை லேசாகத் தட்டினார். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அது எறும்புக்கு ஆறுதலாக இல்லை. வாசலை நோக்கி நடந்தார். ஆசிரியர் மேசையைத் தாண்டும்போது, "வரேன்" என்றார். "சரிக்கா" என்று ஆசிரியரும் சதுரமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கதவில் அவர் கை பட்டது.

"அக்கா!" என்று கூப்பிட்டாள் எறும்பு.

அவர் திரும்பினார். சதுரம் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஆசிரியர் ஏதோ ஒரு கோப்பில் இல்லாத எதையோ தேடினார். கேள்வி தயாராக இருந்தது. சின்னக் கேள்வி, இரண்டே சொல். அது வாயைவிட்டு வந்தால் இந்த அறையில் மிச்சம் இருபது நிமிடம் எப்படிப் போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவள் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அடுத்த வாரமும் படிச்சுக் குடுப்பீங்கல்ல?" என்றாள்.

"வராம எங்க போகப்போறேன்?" என்றார் அக்கா. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

சதுரம் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.